பதினாலாம் மேசை

அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் பெரியவள். தங்கை பிறந்த நாளிலிருந்து அப்படித்தான். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை 'பெட் மேடம்' என்பார்கள். எந்த நோயாளியை எந்த வார்டில் எந்தப் படுக்கையில் போடுவது என்று தீர்மானிப்பது அவள் வேலை. ஆறு படுக்கை வார்டு, பத்துப் படுக்கை வார்டு, ரெண்டு படுக்கை அறை என்று ஒன்றுக்கொன்று ஒத்துவராத அளவுகளில் இருக்கும். இருமுகிறவனை ஆபரேஷன் ஆனவன் பக்கத்தில் போடக்கூடாது. அழுகிற தாயைக் குழந்தை பிழைத்த தாய் பக்கத்தில் போடக்கூடாது. பதினொரு வருஷமாக இதைச் செய்துவருகிறாள். அதனால் தங்கையின் கல்யாண விருந்துக்கு யார் யாரை எங்கே உட்காரவைப்பது என்ற பேச்சு வந்ததும் அம்மா யோசிக்கவே இல்லை.

"உனக்குத்தான் இது கை வந்த கலையாச்சே. நீயே பாத்துக்கோ. ஆனா ஒண்ணு. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களும் நம்ம ஆளுங்களும் ஒரே மேசையில உக்காரக் கூடாது. ஒரு ஆள்கூட."

பெரியவளுக்கு அந்தக் கண்டிப்பு நியாயமாகத்தான் பட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்பு அதே குடும்பத்தின் மூத்த பையனுக்குத்தான் அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது அவர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். காரணம் சொல்லவில்லை. அம்மாதான் எங்கெங்கோ விசாரித்து, பையனுக்கு வேறொருத்தியோடு தொடர்பு இருக்கிறது என்று கண்டுபிடித்து வந்தாள். கண்டுபிடித்ததைத் தெரு முழுக்கச் சொன்னாள். அவர்கள் காதுக்கும் அது போயிற்று. அதன்பிறகு எதிரெதிரே வந்தால் ஒருவர் சாலையைக் கடந்துவிடுவார்.

அந்த வீட்டு இளைய பையனைத்தான் சின்னவள் காதலித்தாள். ரெண்டு பேரும் ஒரே அலுவலகம். ஒரு வருஷம் அழுதாள், ஒரு மாதம் சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் அம்மா ஒரு நாள் தனியாகப் போய் அவர்களிடம் பேசிவிட்டு வந்தாள். எல்லாம் சுமுகமாக முடிந்தது என்றாள். "பழசை யாரும் வாயில எடுக்கக் கூடாதுன்னு பேச்சு. நீயும் எடுக்காதே" என்று பெரியவளிடம் சொன்னாள். பெரியவள் எடுக்கவில்லை. தங்கைக்காக அதை விழுங்கிக்கொண்டாள்.

விருந்துக்குப் பத்து நாள் முன்னால் மண்டபத்துக்குப் போனாள். சூப்பர்வைசர் அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தட்டையான செருப்பு, இடுப்பில் சாவிக்கொத்து, காதில் பேனா. கூடத்தின் படத்தை மேசைமேல் விரித்தாள்.

"மேடையில நீள மேசை, பத்து பேர். கீழே பதினாலு வட்ட மேசை. ஆறு மேசையில பத்துப் பத்து பேர், அஞ்சு மேசையில எட்டு எட்டு, மூணு மேசையில ஆறு ஆறு. கீழே மொத்தம் நூத்திப் பதினெட்டு."

"ஏன் இப்படி வேற வேற அளவு?"

"முதல் ஓனர் வாங்கினது பத்து. ரெண்டாவது ஓனர் எட்டு. தூண் ஓரமா இடம் மிச்சம் இருந்துச்சு, அங்க இந்த ஆறு. மூணாவது ஓனருக்கு வாங்கறதுக்கே மனசு வரலை."

பெரியவள் சிரித்தாள். பிறகு பட்டியலைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. மேடைக்குப் போகிறவர்களைக் கழித்தால், கீழே உட்கார வேண்டியவர்கள் அவர்கள் பக்கம் அறுபத்தொன்று, இவர்கள் பக்கம் ஐம்பத்தேழு. கூட்டினால் சரியாக நூற்றுப் பதினெட்டு. ஒரு நாற்காலி மிச்சமில்லை. மேசைகள் எல்லாம் இரட்டைப்படை, ஆட்கள் ரெண்டு பக்கமும் ஒற்றைப்படை. எப்படிப் பிரித்தாலும் ஒரு மேசையாவது கலந்தே தீரும்.

"எட்டு பேர் மேசையில ஒன்பது போட முடியாதா?"

"கை வச்ச நாற்காலி மேடம். எட்டுக்கே முழங்கை இடிக்கும். ஒன்பது போட்டா பரிமாறுறவன் கையை உள்ள நுழைக்க முடியாது. சூப்பு யார் மடியிலயாவது போகும். அப்புறம் அந்தச் சண்டையை நான்தான் தீர்க்கணும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அப்போது மாமாவும் இருந்தார். மாமா அம்மாவின் அண்ணன். அப்பா இறந்த பிறகு எந்த நல்ல காரியத்திலும் அப்பா இடத்தில் நிற்பவர்.

அம்மா ஒரு நிமிஷம்தான் யோசித்தாள். "அப்ப நீ உக்காராதே. நீ நின்னு எல்லாரையும் கவனிச்சுக்கோ. நம்ம பக்கம் ஐம்பத்தாறு ஆயிடும், சரியாப் போயிடும்ல?"

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. மேடையில் பத்தாவது நாற்காலி மணப்பெண்ணின் அக்காவுக்கு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அம்மா அதைத் தங்கையின் மேலதிகாரிக்குக் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளையின் அண்ணனும் அவன் மனைவியும் மேடையில் இருப்பார்கள், அவர்கள் எதிரில் நீ வேண்டாம் என்றாள். அதுவும் தன் நல்லதுக்குத்தான் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். இப்போது கீழேயும் இடமில்லை.

மாமாதான் தலையிட்டார். "என்ன பேச்சு பேசறே? வீட்டு மூத்த பொண்ணு வேலைக்காரி மாதிரி தட்டைத் தூக்கிட்டு நின்னா அவங்க என்ன நினைப்பாங்க? நமக்குத்தான் மானம் போகும்."

மானம் என்ற சொல் அம்மாவிடம் வேலை செய்யும். "சரி, உக்காரட்டும். ஆனா கலந்த மேசையில இவ வேண்டாம்."

"நானே அங்க உக்கார்றேன்மா. யாருக்கும் சங்கடம் இல்ல."

"வேண்டாம்னா வேண்டாம்!" அம்மாவின் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. மாமாகூட நிமிர்ந்து பார்த்தார். அம்மா குரலைத் தணித்துக்கொண்டாள். "மாப்பிள்ளையோட ஆபீஸ் பசங்க அஞ்சு பேர் இருக்காங்கள்ல, அவங்களைப் போடு. அந்தப் பசங்களுக்கு இந்தக் குடும்பத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நம்ம பக்கத்துல எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரைப் போடு. அந்த மனுஷன் வாயைத் திறந்து பத்து வருஷமாச்சு."

அப்படியே போட்டாள். கதவோரத்தில் தூணுக்குப் பக்கத்தில் இருந்த ஆறு பேர் மேசை. பதினாலாம் எண்.

மீதி பக்கத்துக்கு ஐம்பத்தாறு பேர். அதிலும் ஒரு சிக்கல். ரெண்டு பக்கமும் சம எண்ணிக்கை, ஆனால் பெரிய மேசைகளைச் சமமாகப் பிரிக்க வழியே இல்லை. தாளில் வட்டம் வெட்டி, நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். மூன்றுக்கு மூன்று வரவில்லை. ஒரு பக்கத்துக்கு நாலு பத்து, இன்னொரு பக்கத்துக்கு ரெண்டுதான். இது எப்படியோ கசிந்து, மாப்பிள்ளையின் அம்மா போனில் வந்தாள்.

"எங்களுக்கு ரெண்டாம், உங்களுக்கு நாலாம்னு கேள்விப்பட்டேன். எங்க ஆளுங்க தூண் மறைவுல உக்காந்து தூணைப் பாத்துட்டுச் சாப்பிடணுமா?"

"நாலும் உங்களுக்கே அத்தை. நாங்க சின்ன மேசைகளை எடுத்துக்கறோம்."

பிறகு வேறு குரலில், "நீ நல்லா இருக்கியாம்மா? உடம்பு பரவாயில்லையா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. பெரியவள் நல்லா இருக்கேன் என்றாள். ஒன்பது வருஷத்தில் அந்த அம்மாள் தன்னிடம் பேசிய முதல் அன்பான வார்த்தை என்று அன்று முழுவதும் அதை நினைத்துக்கொண்டிருந்தாள்.

பெரிய மேசைகளைக் கொடுத்ததற்கு அம்மா ரெண்டு நாள் அவளோடு பேசவில்லை.

விருந்தன்று மாலை ஐந்து மணிக்கே மண்டபத்துக்கு வந்துவிட்டாள். வாசலில் பட்டியலை மாட்டினாள். ஒவ்வொரு தட்டின் முன்னாலும் பெயர் அட்டையைத் தன் கையாலேயே வைத்தாள். தன் அட்டையை ஒன்பதாம் மேசையில், மாமாவின் மருமகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஆறரைக்குக் கணக்கு வாத்தியார் வீட்டிலிருந்து போன். வயிற்றுப்போக்கு, வரமுடியாது. ஒரு நாற்காலி காலி, அவ்வளவுதானே என்று விட்டுவிட்டாள். ஆனால் ஏழு மணிக்கு மாப்பிள்ளையின் பெரியத்தை வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மூத்த சகோதரி. பருத்த உடம்பு, எழுபது வயது, காது மந்தம். போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலில் கட்டு. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அவளுக்கு வைத்திருந்தது மூன்றாம் மேசை. சக்கர நாற்காலி அங்கே நின்றால் பரிமாறும் வண்டி போகும் வழி அடைபடும். சூப்பர்வைசர் அம்மாள் ஓடி வந்தாள்.

"மேடம், இந்த வண்டி இங்க நின்னா அந்த வண்டி சமையலறையிலேயே நிக்கும். ஒண்ணு பெரியம்மா, இல்லேன்னா சாப்பாடு. நீங்களே சொல்லுங்க."

பெரியவளுக்கு இது தினப்படி வேலை. கூடத்தை ஒரு பார்வை பார்த்தாள். கதவோரம் பதினாலாம் மேசைக்கு ஒரு பக்கம் முழுக்க வெட்டவெளி. ஒரு நாற்காலியை எடுத்துவிட்டால் சக்கர நாற்காலி சரியாக நுழையும். ஆபீஸ் பையன் ஒருவனைப் பெரியத்தையின் இடத்துக்கு அனுப்பினாள். பெரியத்தையைப் பதினாலுக்குத் தள்ளினாள். எல்லாம் மூன்று நிமிஷத்தில் முடிந்தது. சூப்பர்வைசர் அம்மாள், "எங்க மண்டபத்துக்கு வேலைக்கு வந்துடுங்க" என்றாள்.

ஆனால் திரும்பி நடந்தவள் நின்றுவிட்டாள். அந்த மேசையில் பெரியத்தையும் நாலு பையன்களும். பையன்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தம்மாள் எட்டாத தண்ணீர் தம்ளரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாத்தியாரின் காலி நாற்காலி.

பெரியவள் ஒன்பதாம் மேசையிலிருந்த தன் அட்டையை எடுத்து வந்து அங்கே வைத்து உட்கார்ந்தாள்.

மேடையிலிருந்து அம்மா பார்த்தாள். அப்போது போட்டோக்காரர் எல்லோரையும் நேராக உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவால் எழ முடியவில்லை.

சூப் வந்தது. பெரியத்தைக்குக் கைக்குட்டையை மடியில் விரித்து, கிண்ணத்தைப் பக்கத்தில் நகர்த்திக் கொடுத்தாள் பெரியவள். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலும் கேட்காது. பெரியத்தை கத்தித்தான் பேசினாள்.

"நல்ல பொண்ணா இருக்கியே! நீ யாரும்மா? எங்க பக்கமா, அவங்க பக்கமா?"

"பொண்ணோட அக்கா."

"யாரு?"

"பொண்ணோட அக்கா!"

பெரியத்தை ஸ்பூனைக் கீழே வைத்தாள். அவள் முகம் இளகிவிட்டது. ஒரு கையால் பெரியவளின் கன்னத்தைத் தடவினாள். "அந்தப் பொண்ணா நீ? எவ்வளவு லட்சணமா இருக்கே. இப்ப எப்படிம்மா இருக்கு? இன்னும் வருதா?"

"என்ன வருதா?"

"வலிப்புதான். எங்கிட்ட என்ன வெக்கம்."

பெரியவளுக்கு முதலில் அந்தம்மாள் ஆள் மாறிப் பேசுகிறாள் என்றுதான் தோன்றியது. ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிற குழப்பம் இது. "எனக்கு அப்படி ஒண்ணும் இல்லை அத்தை. நீங்க வேற யாரையோ சொல்றீங்க."

"உங்கம்மாவே சொன்னாளே! அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன். கல்யாணத்துக்கு ஒண்ணரை மாசம் இருக்கும்போது, நல்ல மழை, தனியா நனைஞ்சுகிட்டு வந்தா. என் தம்பி காலைப் பிடிச்சுகிட்டு ஒரே அழுகை. 'பொண்ணுக்கு வலிப்பு வருது, மறைச்சு உங்க தலையில கட்ட மனசு வரலை. நீங்களே வேண்டாம்னு சொல்லிடுங்க. காரணத்தை மட்டும் அவகிட்ட சொல்லாதீங்க, பொண்ணு உயிரை விட்டுடும்'னா. எப்பேர்ப்பட்ட நேர்மைன்னு நான்தான் சொன்னேன். எந்தத் தாய் இப்படி வந்து சொல்லுவா?"

பையன்களில் ஒருவன் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

"எங்க பெரிய பையன் கேக்கலை. வலிப்பா இருந்தாலும் பரவாயில்லை, நான் பாத்துக்கறேன்னு நின்னான். நாங்கதான் விடலை." பெரியத்தை அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். "ஆஸ்பத்திரியிலயே வேலையாமே? அதுவும் நல்லதுதான். டக்குனு வந்துட்டாலும் பக்கத்துலயே டாக்டரு."

பெரியவள் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிச்சயம் முறிந்த வாரத்தில் அவன் மூன்று முறை போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. பிறகு ஒரே ஒரு செய்தி அனுப்பினான்: உடம்பைப் பார்த்துக்கொள். வேறொருத்தியோடு இருந்துகொண்டு இவனுக்கு என்ன கொழுப்பு என்று அதை அழித்தாள். அந்தச் சமயத்தில் அவளுடைய சம்பளத்தில்தான் வீடு நடந்தது. சின்னவள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வீட்டு நிலைமையையும் நிச்சயம் முறிந்ததையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு ஒன்பது வருஷமாகத் தோன்றியதே இல்லை. இப்போது தானாகவே சேர்ந்துகொண்டன. ஒரு மேசைகூடக் கலக்கக் கூடாது என்று அம்மா ஏன் சொன்னாள் என்பதும் கூடவே விளங்கிற்று.

அவள் எழவில்லை. கோழித் துண்டை எலும்பு நீக்கிப் பெரியத்தையின் தட்டில் வைத்தாள். அம்மா வருவாள் என்று தெரியும். மேடையில் இருப்பவர்கள் ஐஸ்கிரீமுக்கு முன்னால் இறங்கி மேசை மேசையாக வந்து விருந்தாளிகளை விசாரித்துப் போவது அன்றைய ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை எழுதியதும் அவள்தான்.

இறங்கினார்கள். அம்மாவும் மாமாவும் மாப்பிள்ளையின் பெற்றோரும் முன்னால். அவர்களுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அண்ணனும் அவன் மனைவியும். பதின்மூன்றாம் மேசையை முடித்ததும் அம்மா கதவுப் பக்கம் பார்க்காமல் திரும்பி நடந்தாள்.

"அம்மா, இந்த மேசையை விட்டுட்டியே."

பெரியவள் சத்தமாகத்தான் சொன்னாள். நாலு மேசை திரும்பிப் பார்த்தது. அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். பெரியவள் எழுந்து தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. அத்தை உன்னை ரொம்பப் பாராட்டறாங்க. மழையில நனைஞ்சுகிட்டுப் போனியாமே. எனக்கு என்ன வியாதின்னு சொன்னே? நீயே இவங்க எல்லார் முன்னாலயும் ஒரு தடவை சொல்லு."

அம்மாவின் முகம் ஒரு நொடி, ஒரே நொடிதான், வெளிறியது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அம்மா பயப்படுவதைப் பார்க்கிறோம் என்று பெரியவள் நினைத்தாள். அந்தப் பயம் இனித்தது. ஆனால் அது கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. அம்மா அவள் தோளில் கை வைத்தாள். அவ்வளவு மென்மையாக அவள் தொட்டு எத்தனையோ காலமாயிற்று.

"மாத்திரை போட்டுக்கிட்டியா கண்ணு?"

"என்ன மாத்திரை?"

அம்மா மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னாள். தணிந்த குரல்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "பத்து நாளா இந்த நாற்காலிக் கணக்குலயே தூங்கலை. தூக்கம் கெட்டா இப்படித்தான். வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் பேசுவா. நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னேன், கேக்கலை."

"பொய்!" என்றாள் பெரியவள். "எனக்கு வலிப்பு கிடையாது. என்னைக்கும் கிடையாது. என் சம்பளம் போயிடும்னு இவ போய்ச் சொன்ன பொய்!"

குரல் உடைந்தது. கை நடுங்கியது. அந்தக் கை பட்டுத் தண்ணீர்த் தம்ளர் உருண்டு கீழே விழுந்து சிதறியது.

"வருது, வருது!" என்று யாரோ கத்தினார்கள்.

அதன்பிறகு எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். மாமா பின்னாலிருந்து தோள்களைப் பிடித்தார். யாரோ ஒருவர் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் திணித்து விரல்களை மூடி அழுத்தினார். இன்னொருவர் ஸ்பூனில் துணியைச் சுற்றிக்கொண்டு வாய்ப்பக்கம் கொண்டுவந்தார். பெரியத்தை சக்கர நாற்காலியில் இருந்தபடியே, "பிடிங்க, பிடிங்க, தலையில அடிபடப் போகுது" என்று கத்தினாள். ஒன்பது வருஷமாகப் பகைத்திருந்த ரெண்டு குடும்பத்து ஆட்களும் அந்த ஒரு நிமிஷம் தோளோடு தோள் நின்று அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

திமிறினால் வலிப்பு. கத்தினால் வலிப்பு. அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அதனால் அசையாமல் நின்றாள்.

"இப்ப அடங்கிடுச்சு" என்றார் சாவியை அழுத்தியவர்.

அந்தத் தலைகளுக்கு மேல் மாப்பிள்ளையின் அண்ணன் தெரிந்தான். முன்னந்தலை வழுக்கை விழுந்திருந்தது. அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் இருந்தது இரக்கம் மட்டுமே. வீட்டார் தன்னைத் தடுத்தது சரிதான் என்று கடைசியில் புரிந்துகொண்டவனின் இரக்கம். அவன் மனைவி அவன் கையைப் பிடித்து மெதுவாக அழைத்துக்கொண்டு போனாள்.

மணப்பெண் அலங்காரம் செய்துகொள்ளும் அறையில் அவளைப் படுக்கவைத்து விளக்கை அணைத்துவிட்டுப் போனார்கள். அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்து சிவந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் சின்னவள் வந்தாள். கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள். கனமான உடையில் அவளால் உட்கார முடியவில்லை.

"அக்கா, ஏன்க்கா இப்படிப் பண்ணே? இன்னிக்குப் போயி."

"உனக்குத் தெரியுமா?"

சின்னவள் தரையைப் பார்த்தாள்.

"எப்பலேருந்து?"

"ஆறு மாசமா. அவர்தான் சொன்னாரு. அவங்க வீட்ல கேட்டாங்களாம், இது பரம்பரையா வர்ற வியாதியா, எனக்கும் வருமான்னு. அம்மா போய்ப் பேசினாள்ல, அன்னிக்கு. அது பரம்பரை இல்ல, சின்ன வயசுல மாடிப்படியில விழுந்து தலையில அடிபட்டதால வந்ததுன்னு சத்தியம் பண்ணிட்டு வந்தா."

"எனக்கு வலிப்பு இல்லைன்னு உனக்குத் தெரியும்ல? என்கூடத்தானே ஒரே அறையில படுத்துத் தூங்கினே, இத்தனை வருஷமும்?"

"தெரியும்க்கா." சின்னவளின் கண் மை கரைந்து இறங்கியது. அதை ஒத்திக்கொள்ள விரலை வளைத்தாள், கன்னத்துப் பூச்சு கலையாமல். "நான் இல்லைன்னு சொன்னா அம்மா பொய் சொன்னது தெரிஞ்சுபோயிடும். அப்படிப்பட்ட வீட்ல பொண்ணு எடுப்பாங்களா? உனக்கு அது முடிஞ்சு போன விஷயம். எனக்கு அப்பத்தான் ஆரம்பிச்சுது. நான் என்ன பண்ண முடியும், சொல்லு?"

பெரியவளுக்கு அவளை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை. மேசைமேல் இருந்த பஞ்சை எடுத்து நீட்டினாள். சின்னவள் கண்ணாடியைப் பார்த்துக் கன்னத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"நீ கொஞ்ச நேரம் இங்கயே இரு. எல்லாரும் போனதும் வெளிய வரலாம்னு அம்மா சொல்லச் சொன்னா" என்று கதவருகில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெரியவள் இருக்கவில்லை. பின்வாசலுக்குப் போக வேண்டுமென்றால் கூடத்தின் ஓரமாகத்தான் போக வேண்டும். போனாள். ஐஸ்கிரீம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பதினாலாம் மேசையில், அவளுடைய நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பெரியத்தை அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா இன்னொரு பக்கம் குனிந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுற்றிலும் ரெண்டு பக்கத்து ஆட்களும் தங்கள் மேசைகளை விட்டு எழுந்து வந்து, யார் எந்தப் பக்கம் என்று தெரியாதபடி கலந்து நின்றிருந்தார்கள்.

சூப்பர்வைசர் அம்மாள் சமையலறை வாசலில் அவளை நிறுத்தினாள்.

"மேடம், ஏதாவது சாப்பிட்டீங்களா? ஒரு தட்டு போடவா?"

"எனக்கு வலிப்பெல்லாம் கிடையாது" என்றாள் பெரியவள்.

"சரிங்க மேடம்" என்றாள் சூப்பர்வைசர் அம்மாள், குழந்தைக்குச் சொல்வதுபோல. "சரிங்க. உக்காந்துக்கோங்க. ஆட்டோ கூப்பிடட்டுமா?"

அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊழியர் விடுதியில் ஒரு கட்டில் காலியாக இருப்பது அவளுக்குத் தெரியும். மறுவாரம் முறைப்படி விண்ணப்பம் எழுதிக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டாள். துணிமணி எடுக்க வீட்டுக்குப் போன அன்று அம்மா கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பெட்டியைக் கட்டி முடித்து வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நீ அன்னிக்குப் போயிருந்தா, நானும் அந்தக் குழந்தையும் என்ன ஆயிருப்போம்னு ஒரு நாளாவது நினைச்சியா?"

பெரியவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். படியிறங்கினாள். எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் வாசலில் நின்று பெட்டியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். பத்து வருஷமாக வாயைத் திறக்காதவர் அன்று திறந்தார். "தைரியமா இரும்மா. இப்பல்லாம் நல்ல மருந்து வந்திருக்கு."

ரெண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரி வாசலில் மாமாவின் மருமகளைப் பார்த்தாள். அவள் கையில் ஒரு பை ஆரஞ்சு. பெரியவளின் அடையாள அட்டையையும் கையிலிருந்த படுக்கைப் பட்டியலையும் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றாள்.

"உங்களைப் பாக்கத்தான் வந்தேன். வார்டு நம்பர் யாருக்கும் தெரியலை" என்றாள். "நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்கன்னு உங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காங்க."

பெரியவள் ஆரஞ்சுப் பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே ஆண்கள் வார்டில் மூன்று பேர் படுக்கைக்குக் காத்திருந்தார்கள்.